கை எக்ஸ்ரேயில் முடக்குவாதம், கால் எக்ஸ்ரேயில் கவுட்: எதை நம்புவது?

வாசகியின் கடிதத்திலிருந்து: "என் அம்மாவுக்கு வயது 66. ரத்த அழுத்தத்துக்குப் பதினொரு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். அதில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.4. ஏழு மாதங்களுக்கு முன் கை விரல்கள் வீங்கின. ஆர்.ஏ. பேக்டர் 34 என்று வந்ததால் முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராமும், தினமும் பிரெட்னிசலோன் 10 மில்லிகிராமும் கொடுத்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது. கை எக்ஸ்ரே அறிக்கையில் 'எலும்பு அரிப்பு உள்ளது, முடக்குவாதத்துடன் ஒத்துப்போகிறது' என்று இருக்கிறது. போன மாதம் இடது கால் பெருவிரல் வீங்கியபோது வேறு இடத்தில் எடுத்த கால் எக்ஸ்ரேயில் 'கவுட்டாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அன்று யூரிக் ஆசிட் 5.8தான். அம்மா சுத்த சைவம். எதை நம்புவது? படங்களைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருக்கிறேன்." (தஞ்சாவூர் மாவட்டம்)

அன்புள்ள சகோதரிக்கு,

படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். கம்பிகளின் நிழல் இரண்டு இடங்களில் விழுந்திருந்தாலும் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை தெரிகின்றன. நேரில் விரல்களைத் தொட்டுப் பார்க்காமல் நோயின் பெயரை முடிவு செய்ய முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்தப் படங்களை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், எனக்கு இவை முடக்குவாதத்தைவிட, யூரிக் ஆசிட்டின் உப்பான யூரேட் மூட்டில் படிவதால் வரும் கவுட்டின் பக்கமே அதிகம் சாய்வதாகத் தோன்றுகிறது. காலை மட்டும் பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. முடக்குவாதம் என்று அறிக்கை வந்த அந்தக் கைப் படமும் அதையேதான் சொல்கிறது.

அரிப்பு எங்கே தொடங்குகிறது, அதன் விளிம்பு எப்படி இருக்கிறது

எக்ஸ்ரே அறிக்கையில் வரும் 'அரிப்பு' என்ற சொல்லை நமைச்சல் என்று எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனவர்கள் உண்டு. நீங்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ஆறு கரையை அரிப்பதுபோல எலும்பின் ஓரம் கரைந்து போயிருப்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஆனால் அரிப்பு என்றாலே முடக்குவாதம் என்று கொள்வது தவறு. இரண்டு நோயுமே எலும்பை அரிக்கும். அரிக்கும் விதம்தான் வேறு.

முடக்குவாதத்தில் நோய் இருக்குமிடம் மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு. அந்தச் சவ்வு வீங்கித் தடித்து, எலும்பை எங்கே எளிதாகத் தொட முடியுமோ அங்கே முதலில் அரிக்கத் தொடங்கும். எலும்பின் முனையைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அந்த மூடி முடியும் இடத்துக்கும் மூட்டின் உறை எலும்பில் ஒட்டும் இடத்துக்கும் நடுவே பாதுகாப்பில்லாத ஒரு சிறு பட்டை இருக்கும். முடக்குவாதத்தின் முதல் அரிப்பு அங்கேதான், அதாவது மூட்டின் மூலையில்தான் விழும். கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள், விரல்களின் நடு மூட்டுகள், மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனை ஆகியவை அதற்குப் பிடித்தமான இடங்கள். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டை அது பெரும்பாலும் தொடுவதில்லை. அரித்த இடத்தின் விளிம்பு மங்கலாக, பூச்சி கடித்த இலையின் ஓரம்போல இருக்கும். குருத்தெலும்பும் கூடவே தேய்வதால், இரண்டு எலும்புகளுக்கும் நடுவே படத்தில் கருப்பாகத் தெரியும் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் குறுகிக்கொண்டு வரும்.

கவுட்டில் நடப்பது வேறு. அங்கே யூரேட் உப்பு ஊசி ஊசியாகப் படிந்து, சுண்ணாம்புக் குழைவைப் போன்ற கட்டியாகிறது. அந்தக் கட்டி மூட்டுக்குள் இருக்கலாம், மூட்டை ஒட்டி வெளியே இருக்கலாம், மூட்டிலிருந்து சற்றுத் தள்ளித் தசைநாரின் மேலும் இருக்கலாம். எங்கே இருக்கிறதோ அங்கே எலும்பைப் பள்ளமாக்கும். இது ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கும் வேலை என்பதால் எலும்புக்குத் தற்காத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. அதனால் பள்ளத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்ததுபோல ஒரு கரை உருவாகும். ஆணி அடித்துப் பிடுங்கிய துளைபோலத் துல்லியமாகத் தெரியும். சில இடங்களில் எலும்பின் ஓரம் கட்டிக்கு மேலே நீண்டு, கூரை இறவாரம்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். இந்தத் தொங்கும் விளிம்புக்கு எக்ஸ்ரே மருத்துவர்கள் மார்ட்டெல் அடையாளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளம் பெரிதாக இருந்தாலும் குருத்தெலும்பு வெகுகாலம் தப்பிப் பிழைக்கும் என்பதால் மூட்டு இடைவெளி குறுகாமல் இருப்பது கவுட்டில் சகஜம்.

இப்போது உங்கள் அம்மாவின் வலது கைப் படத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டிய மூட்டைப் பாருங்கள். விரலின் ஒரு பக்கத்தில் பட்டாணி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு புடைப்பு தெரிகிறது; பக்கத்துச் சதையைவிட அது ஒரு மாற்று வெளுப்பாகவும் இருக்கிறது. அதற்கு நேராக எலும்பில் ஒரு பள்ளம். மூட்டின் மூலையில் இல்லை, அதிலிருந்து சில மில்லிமீட்டர் கீழே. பள்ளத்தின் ஓரம் வெள்ளையாக, கூர்மையாக இருக்கிறது. மேல் உதடு வெளியே நீண்டிருக்கிறது. அந்த மூட்டின் இடைவெளி இன்னும் இருக்கிறது. பிறகு முட்டிகளைப் பாருங்கள்: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஓரங்கள் உருண்டையாக, சுத்தமாக இருக்கின்றன. மணிக்கட்டின் எலும்பு முனையும் அப்படியே. இடது கையில் இதற்கு இணையான பள்ளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. முடக்குவாதம் இரண்டு கைகளிலும் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே இடங்களைப் பிடிப்பது வழக்கம். அது முதலில் வர வேண்டிய இடங்களெல்லாம் காலியாக இருக்க, வராத இடத்தில் அரிப்பு இருக்கிறது.

கை அறிக்கை எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். பரிசோதனைச் சீட்டில் 'முடக்குவாதம்?' என்று எழுதியனுப்பினால் படம் பார்ப்பவரின் கண்ணும் அந்த வழியிலேயே போவது இயல்பு. 'மூட்டைச் சுற்றி எலும்பு அடர்த்தி குறைவு' என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. முடக்குவாதத்தின் தொடக்க அடையாளங்களில் அதுவும் ஒன்று என்பது உண்மைதான். ஆனால் 66 வயதுப் பெண்ணுக்கு, ஏழு மாதங்களாக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு, வலிக்குப் பயந்து கையை அதிகம் பயன்படுத்தாமலும் இருந்தால், எந்த நோயானாலும் எலும்பு வெளிறித்தான் தெரியும். அந்த ஒரு வரியை வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன்.

கால் படமும் காலக்கணக்கும்

இடது கால் பெருவிரல் பாதத்தோடு சேரும் இடத்தில், பாத எலும்பின் தலைப்பகுதியில் உட்பக்க ஓரமாக அரைக் கடலை அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. இதுவும் வெள்ளைக் கரை கட்டியது; இதற்கும் தொங்கும் உதடு உண்டு. கவுட் முதலில் தாக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். பள்ளத்தைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது அதன் வயது. போன மாதம்தான் பெருவிரல் வீங்கியது என்கிறீர்கள். ஒரு மாதத்தில் இப்படிக் கரை கட்டிய பள்ளம் உருவாகாது, ஏழு மாதத்திலும் உருவாகாது. கவுட்டின் முதல் தாக்குதலுக்குப் பிறகு எக்ஸ்ரேயில் இப்படிப்பட்ட மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே அம்மாவின் எலும்புகள், நீங்கள் நினைப்பதைவிடப் பழைய ஒரு கதையை வைத்திருக்கின்றன.

இதை அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். பத்து ஆண்டுகளில் எப்போதாவது இரவில் திடீரென்று கால் விரலோ கணுக்காலோ சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாமல் போய், ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே சரியானதுண்டா என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும்போது, "அது சுளுக்கு, எண்ணெய் தேய்த்ததும் போய்விட்டது" என்று பதில் சொல்லும் பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். எண்ணெய் தேய்க்காமல் விட்டிருந்தாலும் அந்த வலி அடங்கியிருக்கும். கவுட்டின் முதல் தாக்குதல்களின் சுபாவமே அதுதான்.

ஒரு மாற்றுச் சாத்தியத்தையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் சிகிச்சையில் அடங்கிப்போன முடக்குவாதத்திலும் பழைய அரிப்பின் ஓரம் வெள்ளைக் கோடு கட்டலாம்; முற்றிய கவுட்டிலும் மூட்டு இடைவெளி அழிந்து, முடக்குவாதம்போலத் தோன்றலாம். அதனால்தான் ஒற்றை அடையாளத்தை நம்பாமல் இடம், விளிம்பு, இடைவெளி, காலம் என்று நான்கையும் சேர்த்துப் பார்க்கிறோம். உங்கள் அம்மாவுக்கு நான்கும் ஒரே பக்கம் சாய்கின்றன.

உங்களைக் குழப்பிய மூன்று செய்திகள்

முதலாவது, ஆர்.ஏ. பேக்டர். பெயரிலேயே முடக்குவாதத்தின் ஆங்கிலச் சுருக்கமான ஆர்.ஏ. இருப்பதால் அது வந்தால் நோயும் வந்துவிட்டது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். எந்த மூட்டு நோயும் இல்லாதவர்களிலும் இருபதில் ஒருவருக்கு அது இருக்கும். வயது ஏற ஏற இன்னும் கூடும். யூரேட் கட்டி உள்ள கவுட் நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் வருவதுண்டு. பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் 20 வரை இயல்பு என்று வைத்துக்கொண்டால், 34 என்பது மேல் வரம்பைத் தாண்டியிருக்கிறதே தவிர, அதன் மூன்று மடங்கைத் தாண்டும் உறுதியான அளவை எட்டவில்லை. முடக்குவாதத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் ஆன்டி சிசிபி பரிசோதனை உங்கள் தாள்களில் இல்லை.

இரண்டாவது, 5.8 என்ற யூரிக் ஆசிட். அதை எடுத்த நாள்தான் பிரச்சினை. கவுட் தாக்கி மூட்டு கொதித்துக்கொண்டிருக்கும் நாளில் ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கி, இயல்பான எண்ணைக் காட்டுவது மிகவும் சகஜம். வீக்கம் முழுதாக அடங்கி இரண்டு வாரங்களுக்குப் பிறகு எடுக்கும் அளவே நம்பத்தக்கது. சுமார் 6.8க்கு மேல் போனால் யூரேட் ரத்தத்தில் கரைந்திருக்க முடியாமல் உப்பாகப் படியத் தொடங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

மூன்றாவது, மருந்தில் வலி குறைந்தது. பிரெட்னிசலோன் இரண்டு நோயின் வீக்கத்தையும் ஒரேபோல அடக்கும். கவுட் தாக்குதலுக்கே அதைக் கொடுப்பதுண்டு. ஆகவே வலி குறைந்ததை வைத்து நோயை அடையாளம் காண முடியாது. ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் பெருவிரல் வீங்கியது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். அடியில் படிந்துகொண்டிருக்கும் உப்பை அந்த மாத்திரை கரைப்பதில்லை.

சைவம் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களின் உடல் யூரிக் ஆசிட்டைச் சிறுநீரில் நன்றாக வெளியேற்றுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாதுகாப்பு குறைகிறது. அதன் மேல் நீர் பிரியும் மாத்திரை யூரிக் ஆசிட்டை உள்ளேயே தேக்குகிறது; தளர்ந்த சிறுநீரகமும் தேக்குகிறது. உங்கள் அம்மாவுக்கு இந்த மூன்றும் இருக்கின்றன. இப்படிப்பட்ட மூத்த பெண்களுக்குக் கவுட் காலைவிட்டுக் கைவிரலின் கடைசி மூட்டில், ஏற்கெனவே வயதால் தேய்ந்து முடிச்சு விழுந்த இடத்தில், வந்து உட்காருவது நாங்கள் அடிக்கடி காண்பதுதான். இதில் சாப்பாட்டின் பங்கு சிறியது.

இப்போது என்ன செய்யலாம்

அவசரமானது மெத்தோட்ரெக்சேட் விஷயம்தான். அந்த மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. 66 வயதில் கிரியாட்டினின் 1.4 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நாற்பதைச் சுற்றித்தான் இருக்கும்; அந்த நிலையில் 15 மில்லிகிராம் கொடுப்பதற்கு முன் நான் இருமுறை யோசிப்பேன். ஆகவே இந்த வார மாத்திரையைப் போடுவதற்கு முன்பே அதைக் கொடுத்த மருத்துவரிடம் தொலைபேசியிலாவது பேசுங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் கடைசியாக எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள். வாயில் புண், காய்ச்சல், மூச்சுத் திணறல், தோலில் ரத்தத் திட்டுகள் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரெட்னிசலோனை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஏழு மாதம் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்ததால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் வரலாம். ரத்த அழுத்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். நீர் பிரியும் மருந்துக்குப் பதிலாக, யூரிக் ஆசிட்டைச் சற்றுக் குறைக்கும் குணமுள்ள லோசார்டான் போன்ற ஒன்றுக்கு மாற்ற முடியுமா என்று அந்த மருத்துவரிடம் கேட்கலாம்.

நோயின் பெயரை உறுதி செய்ய நேரான வழி, ஊசியால் சிறிது எடுத்துப் பார்ப்பதுதான். ஆள்காட்டி விரலின் புடைப்பிலிருந்தோ, வீங்கிய மூட்டிலிருந்தோ ஒரு துளி எடுத்து, தாமதிக்காமல் துருவ ஒளி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கவுட்டில் கூர்மையான ஊசி வடிவப் படிகங்கள் மின்னும். 1961 முதல் இதுதான் எங்கள் உரைகல். இந்த நுண்ணோக்கி எல்லா ஊரிலும் கிடையாது. இருக்கும் இடத்துக்கு நோயாளியையே அழைத்துப் போவது, மாதிரியைப் பேருந்தில் அனுப்புவதைவிட நல்லது. அது அமையாவிட்டால், மூட்டு அல்ட்ராசவுண்டில் குருத்தெலும்பின் மேல் உப்புப் படலம் இரட்டைக் கோடாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். இரட்டை ஆற்றல் சிடி ஸ்கேன் யூரேட்டை நிறம் பிரித்தே காட்டிவிடும். ஆனால் செலவு அதிகம், பெரிய நகரங்களில்தான் இருக்கிறது, உங்கள் அம்மாவின் நிலையில் அது முதலில் தேவைப்படாது.

இரண்டாம் கருத்துக் கேட்கத் தயங்காதீர்கள். முதல் மருத்துவர் வருத்தப்படுவார் என்று எண்ணிக் கை எக்ஸ்ரேயை மட்டும் மறைத்துவிட்டுப் புதியவரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கெடுவது நோயாளிதான். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படத்தையோ, அதன் சிடியையோ கேட்டு வாங்குங்கள். இரண்டு கைகளும் இரண்டு பாதங்களும் ஒரே மேஜையில் ஒரே கண்ணால் பார்க்கப்பட வேண்டும். ஒருவர் கையையும் இன்னொருவர் காலையும் தனித்தனியே பார்த்ததில்தான் இந்தக் குழப்பமே தொடங்கியது.

கவுட் என்று உறுதியானால், அல்லோபியூரினால் போன்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு 50 மில்லிகிராமில்கூடத் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் பார்த்துப் படிப்படியாக ஏற்றுவார்கள். யூரிக் ஆசிட்டை 6க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்குக் கட்டி இருப்பவர்களுக்கு 5க்குக் கீழே வைத்தால் அது விரைவாகக் கரையும். தோலில் தடிப்போ கொப்புளமோ வந்தால் அந்த மருந்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் சில மாதங்களில் தாக்குதல் முன்பைவிட அடிக்கடி வரலாம்; படிந்த உப்பு கரையத் தொடங்குவதால் வருவது அது. அதைத் தடுக்கக் குறைந்த அளவில் கோல்சிசின் சேர்ப்பதுண்டு. அதையும் சிறுநீரகத்துக்கு ஏற்றபடிதான் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் "மருந்தால்தான் வலி கூடியது" என்று நிறுத்திவிடுபவர்கள் பலர். நிறுத்தாமல் ஓரிரு ஆண்டுகள் தாண்டினால் கட்டி சுருங்கும். எலும்பின் பள்ளம் ஓரளவு நிரம்புவதையும் பின்னாளைய எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. வலது பாதப் படத்தில் உங்கள் கட்டைவிரல் கீழ் ஓரத்தைப் பிடித்திருப்பதால் கால் சுண்டுவிரலின் அடி எலும்பு மறைந்துவிட்டது. முடக்குவாதத்தின் முதல் அரிப்பு, கையில் எதுவும் தெரிவதற்கு முன்பே, பல நேரங்களில் அந்த எலும்புத் தலையின் வெளி ஓரத்தில்தான் விழும். இடது பாதத்தில் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. வலது பாதத்தில் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு நோயும் சேர்ந்து வருவது அரிது என்றாலும் இல்லாததல்ல. ஆகவே நேரில் பார்க்கும் மருத்துவரிடம் அந்த மூலையைத் தனியாகக் காட்டுங்கள். அங்கே வெள்ளைக் கரை இல்லாத மங்கலான பள்ளம் ஒன்று இருந்து, ஆன்டி சிசிபியும் உயர்ந்திருந்தால், நான் மேலே சொன்ன சாய்வைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது யூரிக் ஆசிட் மருந்தோடு முடக்குவாதத்துக்கான சிகிச்சையும், சிறுநீரகத்துக்கு ஏற்ற வேறு வடிவில், தேவைப்படும்.